நாலும் சம எடை, ஆனாலும் அமுங்கிய கேக்

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேளச்சேரியில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். உள்ளே அவள் முதன்முதலாகச் செய்த பவுண்டு கேக், அதாவது வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை நாலையும் சம எடையில் சேர்த்துச் செய்வது. "அக்கா, வெண்ணெய், சர்க்கரை, மைதா மூணும் தராசுல வச்சு 200 கிராம் எடுத்தேன். முட்டை நாலு. அப்படியே நீங்க சொன்ன அளவுதான். ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

கத்தியால் நடுவில் வெட்டிப் பார்த்தேன். ஏழு சென்டிமீட்டராவது எழும்பியிருக்க வேண்டிய கேக் நாலரை சென்டிமீட்டரில் நின்றிருந்தது. மேல் பாதி பரவாயில்லை, கொஞ்சம் இறுக்கம் அவ்வளவுதான். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சளாக, பளபளப்பாக, ஆறிப்போன களி மாதிரி ஒரு பட்டை ஓடியது. அடியில் போட்டிருந்த பட்டர் பேப்பர் எண்ணெய்ப் பலகாரம் சுற்றிய தாள் போல ஊறியிருந்தது. வேகாத கேக்கா என்றால் இல்லை. குச்சி குத்தினால் சுத்தமாகத்தான் வந்தது, ஓரங்கள் நன்றாகச் சிவந்திருந்தன. வெந்த கேக்தான், ஆனால் உள்ளே காற்று இல்லாத கேக்.

அவள் செய்முறையில் பேக்கிங் பவுடர் கிடையாது. அது தவறு இல்லை, பவுண்டு கேக்கின் பழைய முறையே அதுதான். இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் 1747-இல் அச்சிட்ட சமையல் நூலில் இதன் செய்முறை இருக்கிறது. ஒரு பவுண்டு வெண்ணெயை மண் பாத்திரத்தில் போட்டு, கையால் ஒரே திசையில், கெட்டிப் பாலாடை மாதிரி ஆகும்வரை அடிக்கச் சொல்கிறார். அப்புறம் பன்னிரண்டு முட்டை (வெள்ளைக் கரு பாதிதான்), ஒரு பவுண்டு மாவு, ஒரு பவுண்டு சர்க்கரை, கொஞ்சம் கேரவே விதை. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்தது 1843-இல்தான். அதற்கு முன் நூறு வருடமாக இந்தக் கேக்கை எழும்ப வைத்தது கையால் அடித்து ஏற்றிய காற்று மட்டும். அந்த ஒரு மணி நேரத்தின் அர்த்தம் புரிந்தால் என் தங்கையின் கேக் ஏன் அமுங்கியது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் சந்தேகம் போனது முட்டை மேல். அவள் எண்ணித்தான் போட்டிருந்தாள், நிறுக்கவில்லை. அதே அட்டையில் மிச்சம் இருந்த முட்டைகளை உடைத்து நிறுத்தோம். ஓடு நீங்கி ஒன்று 45 கிராம் வந்தது. நாலுக்கு 180. அதாவது 20 கிராம் குறைவு. அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் 1796-இல் வெளியிட்ட நூலில் "ஒரு பவுண்டு அல்லது பத்து முட்டை" என்று போட்டிருக்கிறார். ஒரு பவுண்டு 454 கிராம், பத்தால் வகுத்தால் ஒரு முட்டைக்கு 45 கிராம்தான் வருகிறது. இன்றைய அமெரிக்க வீடியோக்களில் "நாலு முட்டை" என்று சொல்பவர்கள் 50 கிராம் முட்டையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். நம் கடை முட்டை அந்தப் பழைய முட்டையின் அளவு. அதனால் 200 கிராமுக்கு நாலரை முட்டை வேண்டும். ஐந்தாவதை உடைத்து, கலக்கி, தேவையானதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 20 கிராம் முட்டை குறைந்ததற்காக ஒரு கேக் இவ்வளவு உட்காராது. லேசாக வறண்டிருக்கும், அவ்வளவுதான். "சரி, காலையிலிருந்து என்னென்ன பண்ணினே, ஒண்ணு விடாம சொல்லு" என்றேன்.

அவள் சொன்னது இது. செய்முறையில் 'அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்' என்று இருந்ததால் காலை எட்டு மணிக்கே வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டாள். அடிக்க ஆரம்பித்தது மதியம் மூன்று மணிக்கு. சர்க்கரையை மிக்ஸியில் மாவாகவே பொடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் பீட்டரால் அடித்தும் நிறம் வெளுக்கவில்லை, மினுமினுப்பாக ஒரு கூழ் மாதிரிதான் இருந்தது. முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது சில்லென்று, இரண்டு இரண்டாக உடைத்து ஊற்றினாள். கலவை திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாகப் பிரிந்தது. பயந்துபோய் மைதா முழுவதையும் கொட்டி, வழவழப்பாகும்வரை மெஷினிலேயே இரண்டு நிமிடம் அடித்தாள்.

இதில் நாலு தப்பு இருக்கிறது. எது பெரிய தப்பு என்று வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை அவளை வரச் சொன்னேன்.

இரண்டு கலவை, ஒரே வித்தியாசம்

எல்லாவற்றையும் பாதியாக்கி, நாலிலும் 100 கிராம் எடுத்து இரண்டு கலவை செய்தோம். முட்டை, சர்க்கரை, மைதா, அடிக்கும் நேரம் எல்லாம் இரண்டிலும் ஒன்று. வெண்ணெயின் சூடு மட்டும் வேறு. முதல் கலவைக்கு மேசையில் கிடந்த வெண்ணெய், அதில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 31 டிகிரி செல்சியஸ். இரண்டாவதற்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கால் மணி நேரம் வெளியே வைத்தது, 19 டிகிரி.

கலவை முடிந்ததும் ஒரு பழைய சோதனை செய்தோம். பேக்கரிகளில் தினமும் செய்வது, வீட்டில் யாரும் செய்வதில்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை விளிம்புவரை தண்ணீர் ஊற்றி நிறுத்தோம். டம்ளர் எடை போக 150 கிராம். அதே டம்ளரைத் துடைத்து, இடையில் வெற்றிடம் விழாமல் கலவையை விளிம்புவரை நிரப்பி, மேலே கத்தியால் வழித்துவிட்டு நிறுத்தோம். முதல் கலவை 144 கிராம். இரண்டாவது 123 கிராம்.

அந்த 21 கிராம் வித்தியாசம்தான் விஷயம். இரண்டாவதை 150-ஆல் வகுத்தால் 0.82. பேக்கரிக்காரர்கள் பவுண்டு கேக் கலவைக்கு எதிர்பார்ப்பது 0.80-இலிருந்து 0.85 வரை. முதலாவது 0.96, தண்ணீரை நெருங்கிவிட்டது. இதைக் காற்றின் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். நாலும் 200 கிராம் வீதம் 800 கிராம் கலவையில் காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 675 மில்லி இடம் பிடிக்கும். 0.82 அடர்த்தியில் அதே 800 கிராம் 975 மில்லி. ஆக உள்ளே 300 மில்லி காற்று. 0.96-இல் 835 மில்லிதான், காற்று 160 மில்லி. பொருள்கள் துல்லியமாகச் சமமாக இருந்தும், ஒன்றில் இன்னொன்றின் பாதிக் காற்றுதான் இருந்தது.

வெண்ணெய் எப்படிக் காற்றைப் பிடிக்கிறது? பாக்கெட் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தக் கொழுப்பு முழுக்கக் கட்டியும் இல்லை, முழுக்க எண்ணெயும் இல்லை. 20 டிகிரி பக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்ணிய படிகங்களாகவும் மீதி திரவமாகவும் இருக்கும். சர்க்கரைக் குருணை அந்தக் குழைவுக்குள் உரசிக்கொண்டு போகும்போது தன்னோடு காற்றையும் இழுத்துப்போகிறது. காற்றுக் குமிழியைச் சுற்றிக் கொழுப்புப் படிகங்கள் படிந்து நின்றுகொள்கின்றன. குமிழி உடையாமல் இருப்பது அவற்றால்தான். 30 டிகிரியைத் தாண்டினால் படிகங்கள் பெரும்பாலும் உருகிவிடும். அப்போது எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே போகும், உடனே வெளியே வந்துவிடும். என் தங்கை பத்து நிமிடம் அடித்தும் வெளுக்காததற்குக் காரணம் இதுதான். வெண்ணெய் வெளுப்பது என்பது உள்ளே நுண்குமிழிகள் நிறைந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பது. நிறம் மாறவில்லை என்றால் காற்று நிற்கவில்லை.

ஆகவே செய்முறையில் சொல்லும் 'அறை வெப்பநிலை' லண்டனில் ஒரு சமையலறை, சென்னை மே மாதத்தில் நம் சமையலறை இல்லை. நமக்கு வேண்டியது 18-இலிருந்து 20 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அடிக்க அடிக்க உராய்விலும் சூடு ஏறும் என்பதால், வெயில் காலத்தில் நான் பாத்திரத்தின் அடியில் குளிர்ந்த தண்ணீர்த் தட்டு ஒன்று வைத்துக்கொள்கிறேன்.

சர்க்கரையும் இதே வேலையில் பங்குதாரர். நம் கடைச் சர்க்கரைக் குருணை பெரியது, அப்படியே போட்டால் குறைவான குமிழி, கேக்கின் மேலே புள்ளிப் புள்ளியாகக் கரையாத சர்க்கரை. மாவாகப் பொடித்தால் உரசிக் காற்றை இழுக்கும் கூர்முனையே இருக்காது. மிக்ஸியில் நாலைந்து விநாடி ஓட்டி, நைஸ் ரவை பதத்தில் நிறுத்திவிட்டால் சரியாக இருக்கும்.

அப்புறம் முட்டை. இது வரைக்கும் சேர்த்த காற்றெல்லாம் கொழுப்புக்குள் இருக்கிறது. அதில் தண்ணீர் மிகுந்த முட்டையைச் சேர்க்கும்போது, மஞ்சள் கருவில் இருக்கும் லெசித்தின் உதவியால் தண்ணீர் சிறு சிறு துளிகளாகக் கொழுப்புக்குள் தங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து டிகிரி முட்டை பட்டால் கொழுப்பு இறுகித் துணுக்குகளாகிவிடும், தண்ணீர் வெளியே நிற்கும், இறுகிய இடத்திலிருந்த குமிழிகளும் போகும். அதனால் முட்டையும் 20, 22 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு குவளையில் கலக்கி வைத்துக்கொண்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் வீதம், முந்தியது முழுக்க மறைந்த பிறகே அடுத்தது. 200 கிராம் முட்டைக்கு ஏழெட்டுத் தவணை ஆகும். லேசாகத் திரிய ஆரம்பித்தால் ஒரு ஸ்பூன் மைதா தூவி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். முழுக்கத் திரிந்துவிட்டால் மைதா கொட்டி வழவழப்பாக்கலாம், கண்ணுக்குத் திருந்திய மாதிரி தெரியும். போன காற்று போனதுதான். டம்ளர் எடையில் அது தெரிந்துவிடும்.

சம எடை ஏன்

இந்த இடத்தில் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "காத்துதான் முக்கியம்னா, நாலும் சமமா இருக்கணும்னு என்ன அவசியம் அக்கா? சர்க்கரை ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. முக்கால் போட்டா போதாதா?"

எல்லோரும் கேட்பதுதான். இதற்குப் பதில் சொல்ல, நாலு பொருளையும் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாவும் முட்டையும் கேக்கை நிற்க வைப்பவை, அவற்றில் வேகும்போது இறுகும் புரதமும் மாவுச்சத்தும் இருக்கின்றன. வெண்ணெயும் சர்க்கரையும் இளக வைப்பவை. பேக்கிங் படித்தவர்கள் இந்த வகைக் கேக்குக்கு மூன்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சர்க்கரை மாவின் எடையைத் தாண்டக் கூடாது. கொழுப்பு முட்டையின் எடையைத் தாண்டக் கூடாது. முட்டையும் பாலும் சேர்ந்த திரவம் சர்க்கரையின் எடைக்கு இணையாக இருக்க வேண்டும். பவுண்டு கேக்கில் பால் கிடையாது, முட்டைதான் திரவம். ஆக நாலையும் சமமாக வைத்தால் மூன்று வரம்பையும் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கமும் ஒரு அடி வைக்க இடமில்லை. எவ்வளவு வெண்ணெயையும் சர்க்கரையையும் தாங்க முடியுமோ அவ்வளவையும் தாங்குகிற விளிம்பில் இருக்கும் கேக் இது. அந்தச் செழுமை அங்கிருந்துதான் வருகிறது.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், 200 கிராமில் 150. வெண்ணெயில் சுமார் 32, மைதாவில் ஈரமாக ஒரு 25. மொத்தம் ஏறக்குறைய 205 கிராம் தண்ணீர், அதில் 200 கிராம் சர்க்கரை. அதாவது மாவு வேகப்போவது வெறும் தண்ணீரில் இல்லை, பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகில். வெறும் தண்ணீரில் கோதுமையின் மாவுச்சத்து 60 டிகிரி பக்கத்திலேயே ஊதி இறுக ஆரம்பிக்கும். இந்தப் பாகில் அது பதினைந்து இருபது டிகிரி தள்ளிப்போகும். முட்டையின் புரதமும் அதேபோலத் தாமதமாக இறுகும். அந்தத் தாமதம்தான் குமிழிகள் விரிய நேரம் கொடுக்கிறது.

காற்று சூட்டில் விரிவது மட்டும் போதாது. 25 டிகிரியில் இருந்து 95 டிகிரிக்குப் போனால் 300 மில்லி காற்று 370 மில்லிதான் ஆகும். மீதி எழுச்சி நீராவியால். 75, 80 டிகிரிக்கு மேல் தண்ணீர் வேகமாக ஆவியாகி, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றை ஊதுகிறது. அதற்குள் வெண்ணெய் உருகிவிட்டிருக்கும், குமிழிகள் கொழுப்பை விட்டு முட்டையின் ஈரப் பகுதிக்கு மாறி, முட்டைப் புரதம் அவற்றின் சுவராக நிற்கும். நீராவி புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. பேக்கிங் பவுடரின் வாயுவும் அப்படித்தான், இருக்கிற குமிழியைத்தான் பெரிதாக்கும். அதனால்தான் சரியாக அடிக்காத கலவையில் பவுடர் போட்டால் கேக் எழும், ஆனால் ஓட்டை ஓட்டையாக, கரடுமுரடாக எழும். அடியில் ஓடிய அந்தக் களிப்பட்டையும் இதே கதைதான்: குமிழி இல்லாத இடத்தில் நீராவி போக வழியில்லாமல், உருகிய கொழுப்பும் மாவும் கீழே அமர்ந்து அப்படியே இறுகிவிட்டது.

முக்கால் சர்க்கரை விஷயத்தையும் செய்தே பார்த்தோம். மூன்றாவது கலவை, மற்றவை 100 கிராம், சர்க்கரை மட்டும் 75. டம்ளர் எடை 131 கிராம் வந்தது. இழுக்கும் குருணை குறைவு, அதனால் காற்றும் குறைவு. வெந்து வந்தபோது நடுவில் கூர்மையாகக் குவிந்து வெடித்திருந்தது, வெட்டினால் ரொட்டி போல இழுத்தது. பாகு நீர்த்துப்போனதால் ஓரங்கள் சீக்கிரமே இறுகிவிட்டன, உள்ளே இருந்தது நடுவழியாக மட்டும் மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. சர்க்கரை பிடிக்காத ஈரத்தை மைதாவின் புரதம் எடுத்துக்கொண்டு பசையாக இறுகியதும் சேர்ந்துகொண்டது. இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் பத்து சதவீதம், அதாவது 200-க்கு 180 வரை குறைத்துப் பார்த்திருக்கிறேன், பெரிய சேதம் இல்லை. அதற்குக் கீழே போனால் அது வேறு கேக்.

முழு அளவில்

அன்றைக்கே முழு அளவில் ஒன்று அவள் கையாலேயே செய்யவைத்தேன். 200 கிராம் உப்பில்லாத வெண்ணெய் 19 டிகிரியில், ஒரு நிமிடம் தனியாக. 200 கிராம் குருணைச் சர்க்கரையும் கால் டீஸ்பூன் உப்பும் சேர்த்து நடுத்தர வேகத்தில் ஏழு நிமிடம், ஓரங்களை இரண்டு தடவை வழித்துவிட்டு. தந்த நிறம் போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது. முட்டை எட்டுத் தவணை, கடைசித் தவணையோடு வெனிலா. 200 கிராம் மைதா சலித்து மூன்று பங்காக, மெஷின் இல்லாமல் அகப்பையால் அடியிலிருந்து புரட்டி, வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்திவிட்டாள். டம்ளர் எடை 125.

ஒன்பதுக்கு ஐந்து அங்குல டின், பட்டர் பேப்பர் போட்டது. முன்பே சூடாக்கிய ஓவனில் 165 டிகிரியில் 65 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் மேலே தோல் கட்டியதும், எண்ணெய் தொட்ட கத்தியால் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்தோம். மேல் தோல் இறுகிய பிறகும் உள்ளே எழுந்துகொண்டிருக்கும் என்பதால் இந்தக் கேக் எப்படியும் வெடிக்கும், கோடு போட்டால் நாம் சொல்லும் இடத்தில் வெடிக்கும். நடுவில் தெர்மாமீட்டர் 98 டிகிரி காட்டியபோது எடுத்தோம். டின்னிலேயே பத்து நிமிடம், அப்புறம் கம்பித் தட்டில்.

இந்த முறை எதற்குப் பொருந்தாது என்பதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் சித்தி வீட்டில் மோர் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள். வீட்டு வெண்ணெயில் பாக்கெட் வெண்ணெயைவிடத் தண்ணீர் அதிகம், எடுக்கும் நாளுக்கு நாள் மாறும். தராசில் 200 காட்டினாலும் கொழுப்பு 200-க்கு உரியதாக இருக்காது, சம எடை என்ற கணக்கே ஆடிப்போகும். நெய் இதற்கு நேர் எதிர், முழுக்கக் கொழுப்பு. அதன் மணல் போன்ற பெரிய படிகம் காற்றையும் இவ்வளவு நுண்ணியதாகப் பிடிக்காது. எண்ணெயில் படிகமே கிடையாது. இவற்றிலெல்லாம் நல்ல கேக் செய்யலாம், ஆனால் அங்கே காற்றுக்கு முட்டையைத் தனியாக நுரைக்க வேண்டும், அல்லது பவுடரை நம்ப வேண்டும். முட்டை இல்லாமல் இதே விகிதத்தை முயல்வது வீண், சுவரும் திரவமும் ஒரே சமயத்தில் போய்விடுகின்றன.

மறுநாள் காலைவரை வெட்டக் கூடாது என்று சொல்லி, ஆறிய கேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். உருகிய வெண்ணெய் திரும்பக் கட்டியாகி, ஓரத்துக்கும் நடுவுக்கும் ஈரம் சமமாகப் பரவ அந்த ஒரு இரவு வேண்டும். காலை ஏழு மணிக்குப் படம் அனுப்பியிருந்தாள். அடிப்பட்டை இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நெருக்கமான நுண்துளை, உயரம் ஏழு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. கோடு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வெடித்திருந்தது. என் ஓவனில் விசிறி இருக்கும் பக்கம் முதலில் இறுகிவிடும், பாதி நேரத்தில் டின்னைத் திருப்பி வைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.